குத்து விழுந்த மாதிரி இல்லையே: ஸ்மியர், இம்பாக்ட் ஃபிரேம், ஸ்கிரீன் ஷேக் மூன்றையும் வரிசைப்படுத்துவது

கேள்வி: "2டி-யில் ஒரு சண்டைக் காட்சி செய்கிறேன். பக்கவாட்டுக் கோணம், நொடிக்கு 24 ஃபிரேம். நாயகன் வில்லனின் தாடையில் ஓங்கி ஒரு குத்து விடுகிறான். ஸ்மியர் வரைந்தேன், இம்பாக்ட் ஃபிரேம் வைத்தேன், ஷேக்கும் போட்டேன். ஆனாலும் அடி விழுந்த மாதிரியே இல்லை, திரை மட்டும்தான் படபடக்கிறது. எங்கே தப்பு?"

பெரும்பாலும் தப்பு வரைவதில் இருக்காது, வரிசையில் இருக்கும். ஸ்மியர், இம்பாக்ட் ஃபிரேம், ஷேக் மூன்றையும் அடி விழும் அதே இரண்டு ஃபிரேமுக்குள் திணித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன், என்னிடம் வரும் ஷாட்டுகளில் பாதியும் அப்படித்தான் இருக்கின்றன. 24 ஃபிரேமில் ஒரு ஃபிரேம் என்பது ஏறக்குறைய 42 மில்லி செகண்ட். அந்த நேரத்துக்குள் கண்ணால் ஒரு செய்தியைத்தான் வாங்க முடியும். ஸ்மியர், அதாவது நகரும் உருவத்தை இழுத்து நீட்டி வரைந்த படம், கண்ணை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறது. இம்பாக்ட் ஃபிரேம், அதாவது அடி விழும் கணத்தில் வரும் கறுப்பு வெள்ளைப் படம், "இங்கேதான்" என்று அந்த இடத்தைக் காட்டுகிறது. ஷேக், அதாவது படம் முழுவதும் குலுங்குவது, விழுந்த அடி எவ்வளவு கனம் என்று சொல்கிறது. ஒன்று முடிந்த பிறகு அடுத்தது வந்தால் மூன்றும் காதில் விழும். ஒரே நேரத்தில் மூவரும் கத்தினால் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது. குத்தின் பலம் முஷ்டி போகும் வேகத்தில் இல்லை. அது போய் நின்ற பிறகு எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதில் இருக்கிறது. அடி விழுந்த போஸ் அப்படியே சில ஃபிரேம் உறைய வேண்டும். பலர் இதற்குப் பயப்படுவார்கள், படம் சிக்கிக்கொண்ட மாதிரி தெரியுமே என்று. அந்த உறைந்த நேரத்தை உயிரோடு வைத்திருப்பதற்குத்தான் ஷேக் இருக்கிறது. அதனால் ஷேக்கின் இடம் அடி விழும் கணம் இல்லை, அதற்கு அடுத்து வரும் நிறுத்தம்.

உங்கள் குத்தையே எடுத்து ஃபிரேம் ஃபிரேமாகப் போட்டுப் பார்ப்போம். திரை 1920×1080. நாயகன் இடப்பக்கம், வில்லன் வலப்பக்கம். பின்னால் இழுத்த முஷ்டி இடமிருந்து 600 பிக்ஸலில் இருக்கிறது, வில்லனின் தாடை 1240-இல். முஷ்டியின் அகலம் சுமார் 110 பிக்ஸல் என்று வைத்துக்கொள்வோம்.

1 முதல் 9 வரை இழுப்பு, அதாவது ஆன்டிசிபேஷன். 1, 3, 5 என்று ஆன் டூஸில், அதாவது ஒரு படத்தை இரண்டு ஃபிரேம் வைத்து, முஷ்டியைப் பின்னால் கொண்டு போங்கள். 7 முதல் 9 வரை அது கிட்டத்தட்ட நிற்கட்டும், தோள் மட்டும் மயிரிழை அளவு இன்னும் பின்னால் ஊரட்டும். இந்த மூன்று ஃபிரேமைக் குறைத்தால் பார்ப்பவரின் கண் முஷ்டிமேல் போய் உட்காரவே நேரம் இருக்காது. கண் அங்கே இல்லாவிட்டால் அடுத்து வரும் ஸ்மியரை யாரும் பார்க்கப் போவதில்லை.

10-ஆவது ஃபிரேம் ஸ்மியர். இது ஒரே ஒரு ஃபிரேம்.

ஸ்மியர் புதுச் சரக்கு இல்லை. 1942-இல் வார்னர் பிரதர்ஸுக்காக சக் ஜோன்ஸ் இயக்கிய ஒரு குறும்படத்திலேயே கதாபாத்திரங்கள் ஒரு போஸிலிருந்து இன்னொரு போஸுக்கு இழுபட்டுப் பாய்வதைப் பார்க்கலாம். அது வேகத்தைக் காட்டுகிறது என்பதைவிட, ஒரு பள்ளத்தைத் தாண்டப் பாலம் போடுகிறது என்பதே சரி. முஷ்டி 600-இலிருந்து 1240-க்குப் போகிறது, 640 பிக்ஸல் தூரம், கிட்டத்தட்ட ஆறு முஷ்டி அகலம். நடுவில் எதுவுமே இல்லாவிட்டால் கண்ணுக்கு அது நகர்ந்த முஷ்டியாகத் தெரியாது. இங்கே ஒரு முஷ்டி மறைந்தது, அங்கே இன்னொன்று முளைத்தது என்றுதான் தெரியும். இதிலிருந்தே ஸ்மியர் எப்போது வேண்டாம் என்பதும் கிடைத்துவிடும். அடுத்தடுத்த இரண்டு படங்களில் முஷ்டி ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சமாவது ஏறி நிற்கிறதா என்று ஆனியன் ஸ்கின்னில், அதாவது முந்தைய படம் மங்கலாகத் தெரியும்படி வைத்து, பாருங்கள். ஏறி நின்றால் ஸ்மியர் தேவையில்லை, போட்டால் கை ரப்பராகிவிடும்.

வரையும்போது பலரும் செய்வது, பழைய முஷ்டிக்கும் புது முஷ்டிக்கும் நடுவில் நீளமாக ஒரு உருளை. இரண்டு முனையும் ஒரே பருமன், சுற்றிலும் ஒரே அழுத்தமான கோடு. அதைத்தான் கண் பார்க்கும், நடுவானில் ஒரு தலையணை மிதக்கிறது என்று. ஸ்மியருக்குத் தலையும் வாலும் வேறு வேறு. தலையில் விரல் முட்டிகள் நான்கும் தெளிவாக இருக்கட்டும், கோடும் அழுத்தமாக இருக்கட்டும். அங்கிருந்து பின்னால் போகப் போக உருவம் மெலிய வேண்டும், கோடு அறுபட வேண்டும், கடைசியில் கோடே இல்லாமல் வெறும் தோல் நிறமும் சட்டைக் கையின் நிறமும் நாலைந்து கீற்றாகக் கிழிந்து முடிய வேண்டும். அந்த வால் 600-இல், பழைய முஷ்டி இருந்த இடத்தைத் தொட்டுக்கொண்டு தொடங்கட்டும். தலை 1240 வரை போகக் கூடாது. முக்கால் தூரம், அதாவது 1080 அளவில் நிறுத்துங்கள். முகத்துக்கும் முஷ்டிக்கும் நடுவில் வெற்றிடம் தெரிந்தால்தான் அடுத்த ஃபிரேமில் அது மூடப்படுவது அதிர்ச்சியாக இருக்கும்.

வளைவை மறக்க வேண்டாம். கை தோளிலிருந்து சுழல்கிறது, அதனால் ஸ்மியரும் அந்த வில்லின்மேல்தான் வளைய வேண்டும். நேர்க்கோட்டில் இழுத்தால் யாரோ முஷ்டியைக் கயிறு கட்டி இழுத்த மாதிரி ஆகிவிடும். நாயகனின் முகத்தையும் ஸ்மியர் செய்யாதீர்கள். முகம் தெளிவாக நின்றால்தான் கை மட்டும் மின்னலாகப் போனது தெரியும். எல்லாமே கலங்கினால், ஃபோகஸ் தப்பிய ஒரு ஃபிரேம் என்றுதான் தோன்றும்.

அடுத்து 11. இங்கே ஒரு படத்தை வேண்டுமென்றே விட்டுவிடுகிறோம்: முஷ்டி தாடையை அப்போதுதான் தொடும் படம். கீ போஸ் போடும்போது கை தானாகவே அதை வரைந்துவிடும், அதுதானே முக்கியமான கணம் என்று. ஆனால் தொட்டும் தொடாமலும் இருக்கும் முஷ்டியை ஒரு ஃபிரேம் காட்டினால், முஷ்டி அங்கே வந்து நின்று, அதன்பிறகு மெதுவாக முகத்தைத் தள்ளுகிறது என்று கண் படித்துவிடும். குத்து, தள்ளலாகிவிடும். 10-இல் முஷ்டி 1080-இல் இருந்தால், 11-இல் அது ஏற்கெனவே 1280-இல் இருக்க வேண்டும், தாடை இருந்த இடத்தைத் தாண்டி 40 பிக்ஸல் உள்ளே. கன்னம் அமுங்கி, வாய் ஒரு பக்கம் ஒதுங்கி, முஷ்டிப் பக்கத்துக் கண் இடுங்கி இருக்கட்டும். ஆனால் தலைமுடியும் சட்டைக் காலரும் 9-இல் இருந்த இடத்திலேயே நிற்கட்டும். விசை இன்னும் அதுவரை போய்ச் சேரவில்லை. தாடை நகர்ந்து முடி நகராத அந்த முரண்தான், பார்ப்பவருக்கு இது இப்போதுதான், இந்தக் கணத்தில்தான் நடந்தது என்று சொல்கிறது. இந்த ஒரு போஸுக்கு நான் மற்ற எல்லாப் படத்துக்கும் சேர்த்துச் செலவழிக்கும் நேரத்தைக் கொடுப்பேன். ஏனென்றால் 11 முதல் 15 வரை ஐந்து ஃபிரேமும் இதே போஸ்தான். ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் பார்ப்பவர் இதையே பார்க்கப் போகிறார்.

11-உம் 12-உம் இம்பாக்ட் ஃபிரேம்கள். 11-இல் பின்னணி, நிறம், நிழல் எல்லாவற்றையும் தூக்கிவிடுங்கள். வெள்ளைத் தாள், கறுப்பு உருவங்கள், அவ்வளவுதான். இரண்டு பேரும் முழுக் கறுப்பாக இருப்பதால் முஷ்டியும் முகமும் ஒட்டி ஒரே மையக்கறையாகிவிடும், இது மிகவும் சகஜமான தவறு. முஷ்டியின் விளிம்பைச் சுற்றி மெல்லிசாக ஒரு வெள்ளை இடைவெளி விடுங்கள், ஐந்தாறு பிக்ஸல் போதும். அந்த ஒரு வெள்ளைக் கோடுதான் கை எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்று காட்டும். விசைக் கோடுகள் எல்லாம் முஷ்டி கன்னத்தில் புதையும் புள்ளியிலிருந்து கிளம்பட்டும். திரையின் மையத்திலிருந்து இல்லை. கோடுகளின் பருமனும் நீளமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகக் கூடாது. குத்து போகும் திசையில், அதாவது வலப்பக்கம், நீளமாகவும் எதிர்த் திசையில் குட்டையாகவும் இருந்தால் விசைக்கு ஒரு திசை கிடைக்கும். சுற்றிலும் ஒரே நீளத்தில் போட்டால் அது குத்தில்லை, பட்டாசு.

12-இல் தலைகீழ்: கறுப்புப் பின்னணி, வெள்ளை உருவங்கள். 11-ஐ எடுத்து இன்வர்ட் அடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். அப்படிச் செய்தால் கோடுகள் இம்மியும் நகராமல் நிறம் மட்டும் மாறும், பார்ப்பதற்கு யாரோ விளக்கை அணைத்துப் போட்ட மாதிரி இருக்கும். போஸ் அதேதான், ஆனால் கோடுகளைப் புதிதாக வரையுங்கள். வேறு இடத்தில், வேறு பருமனில், 11-ஐவிடச் சற்று வெளியே தள்ளி. அப்போதுதான் இரண்டு ஃபிரேமுக்கும் நடுவில் ஏதோ வெடித்து விரிந்த உணர்வு வரும். உருவங்கள் மட்டும் இரண்டிலும், அடுத்து வரும் 13-இலும் ஒரே இடத்தில் கச்சிதமாக உட்கார வேண்டும். இம்பாக்ட் ஃபிரேமில் தலை ஓரிடத்திலும் நிறத்துக்குத் திரும்பிய பிறகு 20 பிக்ஸல் தள்ளியும் இருந்தால், ஃபிரேம் ஏதோ விட்டுப்போன மாதிரி ஒரு துள்ளல் தெரியும். காரணம் தெரியாமல் மணிக்கணக்கில் தேட வைக்கும் தவறு இது.

இம்பாக்ட் ஃபிரேம் இரண்டு போதும். மூன்றுக்கு மேல் போனால் அது கணமாக இல்லாமல் ஒரு காட்சியாகிவிடும். எண்ணிக்கைக்கு இதைவிட முக்கியமான காரணம் இன்னொன்று உண்டு. 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு கார்ட்டூன் தொடரின் ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் நொடிக்குச் சுமார் 12 முறை மாறி மாறி மின்னின. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் 600-க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். இன்றைக்கு இணையப் பக்கங்களுக்கான அணுகல்தன்மை விதிகளில் ஒரு நொடிக்குள் 3 மின்னலுக்கு மேல் கூடாது என்று இருக்கிறது. வெளிச்சம் ஏறி இறங்கும் ஒரு சோடி ஒரு மின்னல். நம் குத்தில் நிறம், வெள்ளை, கறுப்பு, மறுபடி நிறம் என்று ஒன்றிரண்டு மின்னல் ஆகிவிடும். அதனால் ஒரே நொடியில் மூன்று நான்கு குத்து விழும் இடத்தில் ஒவ்வொன்றுக்கும் இம்பாக்ட் ஃபிரேம் வைக்கவே கூடாது. கடைசிக் குத்துக்கு மட்டும் வையுங்கள். கதைக்கும் அதுதான் நல்லது. சிவப்புப் பின்னணியில் மின்ன வைப்பதை அடியோடு தவிர்த்துவிடுங்கள், அது இன்னும் ஆபத்து.

சரி, 13-க்கு வருவோம். நிறம் திரும்புகிறது. 13, 14, 15 மூன்றும் அதே போஸின் ஹோல்ட். ஒரு கோடுகூட நகராது. ஷேக் இங்கே தொடங்குகிறது.

உங்கள் திரை படபடக்கிறது என்றீர்களே, அதற்குக் காரணம் ஏறக்குறைய நிச்சயமாக `wiggle` என்கிற, தானாக ஆட்டும் கட்டளைதான். அது தற்செயலான நடுக்கம். அடி விழுந்தது அதற்குத் தெரியாது. எந்தத் திசையிலும் தொடங்கும், முதல் ஃபிரேமில் 4 பிக்ஸலும் ஐந்தாவதில் 30 பிக்ஸலும் போகும், நீங்கள் அணைக்கும்வரை ஒரே அளவில் ஓடிக்கொண்டே இருக்கும். பூகம்பத்துக்கோ ஓடும் வண்டிக்கோ அது பொருந்தும். அடிக்கு வேண்டிய குலுக்கலுக்கு மூன்று குணம் வேண்டும். முதல் ஃபிரேமில்தான் அதிகம் போக வேண்டும், குத்து போன திசையில் போக வேண்டும், ஃபிரேமுக்கு ஃபிரேம் எதிர்த் திசைக்குத் திரும்பியபடி தேய வேண்டும்.

எண்ணில் சொன்னால், 13-இல் படம் முழுவதும் வலப்பக்கம் 36 பிக்ஸல். 14-இல் இடப்பக்கம் 25. 15-இல் வலம் 18, பிறகு இடம் 12, வலம் 9, இடம் 6, வலம் 4, 20-இல் இடம் 3. 21-இல் பூச்சியம். ஒவ்வொன்றும் முந்தையதில் பத்தில் ஏழு பங்கு. நேர்க்கோட்டுக் குத்தாக இருந்தாலும் மேல்கீழாகக் கொஞ்சம் சேர்த்தால் இயந்திரத்தனம் போகும், கிடைமட்டத்தில் கால்வாசி போதும். எட்டு ஃபிரேம்தான், கையாலேயே கீ போட்டுவிடலாம். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் செய்கிறீர்கள் என்றால் எல்லா லேயரையும் ஒரு நல் ஆப்ஜெக்டுக்கு பேரன்ட் செய்து, அதன் `Position`-இல் இதை ஒட்டலாம்:

```
n = Math.round(time * 24) - 12;
if (n < 0 || n > 7) {
  value;
} else {
  value + [36, -9] * Math.pow(-0.7, n);
}
```

நாம் ஃபிரேமை 1-இலிருந்து எண்ணுகிறோம், நேரம் பூச்சியத்திலிருந்து ஓடுகிறது, அதனால்தான் 13-ஆவது ஃபிரேமுக்கு அங்கே 12. அடைப்புக்குள் உள்ள -9 என்பது மேல்நோக்கி 9 பிக்ஸல். மைனஸ் 0.7-இல் உள்ள மைனஸ்தான் திசையைத் திருப்புகிறது, 0.7 தேய்க்கிறது. கனமான அடிக்கு 36-ஐக் கூட்டலாம், ஆனால் முதலில் 0.7-ஐ 0.8 ஆக்கிப் பாருங்கள். குலுக்கல் மெதுவாக அடங்கினால் பொருள் பெரிதாகத் தெரியும். தூரம் கூடினால் கேமராதான் ஆடுகிறது என்று தெரியும். 0.8 ஆக்கினால் அடங்க இன்னும் நாலைந்து ஃபிரேம் தேவைப்படும், அதனால் 7 என்ற எல்லையையும் 11 அல்லது 12 ஆக்கிவிடுங்கள்.

குலுக்கல் கட்டாயம் ஆன் ஒன்ஸில், அதாவது ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறியபடி, ஓட வேண்டும், பாத்திரங்கள் ஆன் டூஸில் இருந்தாலும். குலுக்கலையும் ஆன் டூஸில் போட்டால் அது படகில் போகிற மாதிரி ஆடும், அடியின் கடுமை போய்விடும். மோஷன் பிளர் இருந்தால் அணைத்துவிடுங்கள். ஹோல்டில் கோடுகள் கூராக இருந்தபடி நடுங்குவதுதான் வேண்டும்.

படத்தை 36 பிக்ஸல் நகர்த்தினால் ஓரத்தில் வெற்றுப் பட்டை எட்டிப் பார்க்கும். பின்னணியை முதலிலேயே சுற்றிலும் 40 பிக்ஸல் பெரிதாக வரைவது நல்லது. வரைந்து முடித்துவிட்டீர்கள் என்றால் ஷாட் முழுவதையும் 104 சதவீதம் ஆக்குங்கள், இரண்டு பக்கமும் 38 பிக்ஸல் கிடைக்கும். குலுங்கும் ஃபிரேம்களில் மட்டும் பெரிதாக்கினால் அங்கே படம் ஒரு குதி குதிக்கும். பிக்ஸல் ஆர்ட்டில் செய்கிறவர்கள் நகர்த்தும் அளவை, தங்கள் படத்தின் ஒரு பிக்ஸல் திரையில் எத்தனை பிக்ஸலோ அதன் மடங்காகவே வைக்க வேண்டும். பாதிப் பிக்ஸலில் நின்றால் கோடுகள் மங்கும்.

16-இல் வில்லன் கிளம்புகிறான். தலைக்கு மட்டும் ஒரு ஸ்மியர், இந்த முறை வலப்பக்கம். 11 முதல் நின்றுகொண்டிருந்த முடி இப்போதுதான் முகத்தின்மேல் வந்து அறைகிறது. 17-இல் தலை வெகுதூரம் போயிருக்கும், மார்பு அதைத் தொடரும், இடுப்பு இன்னும் பழைய இடத்தை விட்டு முழுதாகக் கிளம்பியிருக்காது, கால் கடைசி. எல்லாம் ஒன்றாகக் கிளம்பினால் வெட்டியெடுத்த அட்டைப் படத்தைத் தள்ளிய மாதிரி இருக்கும். 18-இலிருந்து ஆன் டூஸுக்குத் திரும்பி, ஸ்பேசிங்கை, அதாவது படத்துக்குப் படம் நகரும் தூரத்தை, நெருக்கிக்கொண்டே போகலாம். குலுக்கல் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், 6, 4, 3 பிக்ஸல். அது பறக்கும் உடலைப் படிக்க இடைஞ்சல் செய்யாது. ஆனால் 16-இல் 30 பிக்ஸல் குலுங்கினால், தலை போகிறதா உலகம் போகிறதா என்று கண் குழம்பிவிடும். குலுக்கலின் கனமான பகுதி ஹோல்டுக்குள்ளேயே முடிய வேண்டும் என்பது அதற்காகத்தான்.

நாயகனின் கையை உடனே இழுத்துக்கொள்ளாதீர்கள். வில்லன் பறக்கும்போது முஷ்டி நீட்டியபடியே இன்னும் ஏழெட்டு ஃபிரேம் மெல்ல ஊரட்டும்.

எல்லா அடிக்கும் இவ்வளவு செலவு வேண்டாம். சும்மா ஒரு ஜாப், அதாவது சின்னக் குத்து, என்றால் ஒரு ஸ்மியர், ஒரு ஃபிரேம் ஹோல்ட், அவ்வளவுதான். இம்பாக்ட் ஃபிரேமும் வேண்டாம், ஷேக்கும் வேண்டாம். சண்டையை முடிக்கும் அடியில் ஹோல்டை மூன்றிலிருந்து எட்டாகக்கூட நீட்டலாம். முதலில் ஹோல்டைக் கூட்டிப் பாருங்கள், போதவில்லை என்றால் மட்டும் ஷேக். இந்த வரிசையை நான் மாற்றுவதே இல்லை.

துரத்தல் காட்சிக்கு இதையே அப்படியே கொண்டு போனால் ஒரு இடத்தில் இடறும். ஓடுகிறவனைத் தொடர்ந்து பின்னணி ஃபிரேமுக்கு 60 பிக்ஸல் பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். அவன் சுவரில் மோதுகிறான். அங்கே 36 பிக்ஸல் ஷேக் போட்டால் யாருக்கும் தெரியாது, ஏற்கெனவே அதைவிட வேகமாகப் படம் ஓடிக்கொண்டிருக்கிறதே. அங்கே பான், அதாவது கேமரா பக்கவாட்டில் ஓடுவது, நிற்பதுதான் அடி. மோதும் ஃபிரேமில் பானை ஒரேயடியாக வெட்டி நிறுத்துங்கள், மெல்ல வேகம் குறைக்கும் ஈஸ் அவுட் எதுவும் இல்லாமல். நிறம் திரும்பும் முதல் ஃபிரேமில் கேமரா, நின்ற இடத்தைத் தாண்டி ஒரு 40 பிக்ஸல் முன்னால் போய், பிறகு மேலே சொன்ன மாதிரியே முன்னும் பின்னும் தேய்ந்து அடங்கட்டும். ஓடி வந்த கேமராவும் சேர்ந்து மோதி நின்ற மாதிரி இருக்கும். பான் ஈஸ் அவுட்டோடு மெதுவாக நின்றால், எத்தனை இம்பாக்ட் ஃபிரேம் வைத்தாலும் அவன் சுவர்மேல் சாய்ந்துகொள்கிற மாதிரிதான் இருக்கும்.

அப்புறம், எது வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்கும் வழி. மூன்றையும் அணைத்துவிட்டு, 9, 11, 17 மூன்று போஸை மட்டும் அதே டைமிங்கில் ஓட்டுங்கள். ஒலியும் வேண்டாம். அப்போதே அடி லேசாகவாவது உறைக்க வேண்டும். உறைக்கவில்லை என்றால் பிரச்சினை 11-ஆவது படத்தில் இருக்கிறது, மேலே எதைப் பூசினாலும் சரியாகாது. உறைத்தால் ஸ்மியரை மட்டும் சேர்த்து ஓட்டுங்கள். பிறகு ஷேக். கடைசியாக இம்பாக்ட் ஃபிரேம். ஒவ்வொன்றைச் சேர்க்கும்போதும் வித்தியாசம் தெரிய வேண்டும், தெரியாததை எடுத்துவிடலாம். ஃபிரேம் ஃபிரேமாகத் தள்ளிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். நின்று பார்த்தால் ஸ்மியர் அசிங்கமாகத்தான் இருக்கும், அது இயல்பு. பிரிவியூ ஜன்னலைக் கட்டை விரல் அளவுக்குச் சுருக்கி, முழு வேகத்தில் ஒரே ஒரு முறை ஓட்டி, முஷ்டி எங்கே பட்டது என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். தாடை என்று சட்டெனச் சொல்ல முடிந்தால் சரி. "எங்கேயோ முகத்தில்" என்று வந்தால் 11-இன் வெள்ளை இடைவெளியையும் விசைக் கோடுகள் கிளம்பும் புள்ளியையும் மறுபடி பாருங்கள்.

எக்ஸ்போர்ட்டில் ஒரு பொறி இருக்கிறது. ஒருமுறை டைம்லைனில் அருமையாக இருந்த குத்து, அனுப்பிய வீடியோவில் மட்டும் கை ரப்பராக நீண்டது. அரை நாள் ஸ்மியரைத் திருத்தித் திருத்தி வரைந்த பிறகுதான் தெரிந்தது, எடிட் டைம்லைன் 30 ஃபிரேமில் இருந்தது. 24-ஐ 30 ஆக்கும்போது நாலு ஃபிரேமுக்கு ஒன்று இரண்டு முறை காட்டப்படும். அந்த இரட்டிப்பு சரியாக ஸ்மியர்மேல் விழுந்திருந்தது. ஃபிரேம் பிளெண்டிங் போட்டிருந்தால் இன்னும் மோசம், வெள்ளை இம்பாக்ட் ஃபிரேம் பக்கத்துப் படத்தோடு கலந்து சாம்பல் பூத்துவிடும். தொடக்கம் முதல் எக்ஸ்போர்ட் வரை எல்லா இடத்திலும் 24 என்றே இருக்கிறதா என்று பாருங்கள். பிட்ரேட்டையும் குறைக்காதீர்கள். முழுத் திரையும் ஒரே ஃபிரேமில் மாறும் இடத்தில்தான் கம்ப்ரெஷன் முதலில் தடுமாறும், 11-இன் விசைக் கோடுகள் கட்டம் கட்டமாக உடையும். எக்ஸ்போர்ட் ஆன கோப்பைத் திறந்து 10, 11, 12 மூன்றையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். மூன்றும் ஒரே ஒரு முறை, கூராக வந்தால் ஷாட்டை அனுப்பிவிடலாம்.